தேடல் பெட்டி போதுமா?

‘தேடினால் கிடைக்கிறது, அப்புறம் ஃபோல்டர் எதற்கு? எல்லாவற்றையும் ஒன்றில் கொட்டுங்கள்’ என்கிறார் நண்பர். தேடுவதற்கு முதலில் பெயர் தெரிய வேண்டுமே! கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் ஸ்கேனர் தரும் பெயர் `Scan0043.pdf`. எழுத்தறியும் மென்பொருளில் போடாத ஸ்கேன் வெறும் படம்தான். அதன் உள்ளே தேடலுக்குச் சிக்க எதுவும் இல்லை. அது யாருடைய பில், எந்த ஆண்டு என்பதைச் சொல்ல ஃபோல்டர் ஒன்றுதான் மிச்சம்.

அதற்காக மாதம், வாரம், பில் வகை என்று எட்டு அடுக்கு தோண்டுவதும் தீர்வல்ல. ஒரு கோப்புக்காக எட்டு முறை திறக்க யாருக்கும் பொறுமை இல்லை. டெஸ்க்டாப்பில் போட்டுவிட்டுப் போவார்கள். விண்டோஸில் முழுப் பாதைக்கு 260 எழுத்து என்ற பழைய வரம்பு பல மென்பொருள்களில் இன்னும் தொடர்கிறது. நீளமான பெயர்களோடு ஆழமாகப் புதைத்த ஃபோல்டரை பேக்கப் எடுக்கும்போது நகல் பாதியில் நிற்பது அதனால்தான்.

நடுவழி இது:

```
Clients\K017\2023-24\GST\2023-08_GSTR-3B.pdf
```

வாடிக்கையாளர், நிதியாண்டு, வேலை. மேல் ஃபோல்டரோடு நான்கு அடுக்கு. மாதம் கோப்பின் பெயருக்குப் போய்விட்டது; ஆண்டு முன்னால் வருவதால் தானே வரிசையில் நிற்கும். இரண்டே கோப்பு உள்ள ஃபோல்டரை மேலே கரைத்துவிடுங்கள். பட்டியல் திரை தாண்டி நீண்டால் மட்டும் பிரியுங்கள். தேடல் பெட்டியும் அப்போதுதான் உருப்படியாக உதவும்: `K017`க்குள் நின்று தேடினால் அடுத்தவர் பில் குறுக்கே வராது.