ஆட்டோ போய் ஆறு வருடம், வரி மட்டும் வீட்டு வாசலில்

நம் சங்க அங்கத்தவர் ஒருவர் கடந்த மாதம் ஒரு கடிதத்தோடு நம்மிடம் வந்தார். ஆறு வருடத்துக்கு முன் விற்ற ஆட்டோவின் வருமான உத்தரவுப்பத்திரம் பல வருடமாகப் புதுப்பிக்கப்படவில்லை, நிலுவையையும் தண்டப்பணத்தையும் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. "வண்டியை நான் கண்ணால் கண்டே வருடக் கணக்காகிறது" என்றார்.

அவர் விற்றது 'ஓப்பன் பேப்பரில்'. கைமாற்றுப் படிவங்களில் கையெழுத்து வைத்து, வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டு, பதிவுப் புத்தகத்தோடு கொடுத்துவிட்டார். வாங்கியவர் தரகருக்கு விற்றார், தரகர் வேறொருவருக்கு விற்றார். யாரும் தம் பெயருக்கு மாற்றவில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் இன்றும் நம் தோழரே உரிமையாளர். ஆகவே நோட்டீஸ் அவரைத் தேடி வந்தது.

தோட்டத்தில் இப்படி விற்பது வழமையாகிவிட்டது. பெயர் மாற்றும் செலவும் அலைச்சலும் மிச்சம் என்று வாங்குபவர் சொல்வார். மிச்சம் அவருக்கு, பொறுப்பு நமக்கு. வரியோடு இது முடியாது. அந்த வண்டி விபத்தில் சிக்கினாலும் பொலிஸ் முதலில் தேடுவது பதிவில் உள்ள பெயரைத்தான்.

நோட்டீஸ் வந்தால் ஒளித்து வைக்கக் கூடாது, பயந்துபோய் உடனே காசு கட்டவும் கூடாது. அனுப்பிய அலுவலகத்தில் எந்தெந்த வருடத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். விற்பதற்கு முந்திய நிலுவை இருந்தால் அது நம் கடன். கடைசியாகப் பத்திரம் எடுத்தது எப்போது என்றும் கேளுங்கள். அதை எடுக்க காப்புறுதிச் சான்றிதழ் தேவை. விற்ற பின்னரும் பத்திரம் எடுக்கப்பட்டிருந்தால், காப்புறுதி செய்தவர் மூலம் வண்டி யாரிடம் போனது என்று தேட வழி கிடைக்கும். பொலிஸில் முறைப்பாடு பதிந்து பிரதி வாங்குங்கள். விற்ற விபரத்தை மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இதனால் பழைய நிலுவை தானாக அழிந்துவிடாது. ஆனால் நம் பக்க நியாயத்துக்கு எழுத்துச் சாட்சி இருக்கும்.

நம் தோழரிடம் விற்பனை ஒப்பந்தம் இல்லை, வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதியும் இல்லை. அந்த ஒரு தாள் இல்லாததால் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் போய் வர ஒரு நாள் பேர் போகிறது.

பெயர் மாறாமல் வண்டி சாவியைக் கொடுக்காதீர்கள் என்பதே நம் நிலைப்பாடு. கைமாறியதை அறிவிக்கும் கடமை விற்றவருக்கும் உண்டு. அரசாங்கத்திடமும் ஒன்று கேட்கிறோம்: அந்த அறிவித்தலைப் பிரதேச செயலகத்திலேயே தமிழில் ஏற்று, அன்றிலிருந்து வரும் வரியை வண்டியை வைத்திருப்பவரிடம் அறவிடுங்கள். ஓடாத வண்டிக்கு உழைப்பவன் ஏன் கட்ட வேண்டும்?