கதவை மாற்றியாச்சு, காற்று புகுதா?

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். கதவுக்குக் கீல் இருக்கும் மூலைக்கு நேர் எதிர் மூலையில், சின்னச் சின்ன பிளாஸ்டிக் மூடிகள் ஓட்டைகளை அடைத்திருந்தால், அந்தக் கதவைப் பக்கம் மாற்றலாம் என்று அர்த்தம். வலப்பக்கம் கீல் வைத்த பெட்டியை இடப்பக்கக் கீலுக்கு மாற்ற, கடைக்காரர் புதிதாக எதையும் விற்கத் தேவையில்லை. கதவிலேயே தண்ணீர்க் குழாய் உள்ள மாடல்களும், இரட்டைக் கதவு பக்கவாட்டில் திறக்கும் மாடல்களும் இந்தக் கணக்கில் வராது.

ஈசூனில் என் அக்கா வீட்டில் இந்த வேலைக்கு அவசியம் வந்தது அம்மாவால். வாக்கர் பிடித்து நடக்கும் அம்மா, சமையலறைக்குள் வலப்பக்கத்திலிருந்துதான் வர முடியும். ஃபிரிட்ஜ் கதவும் வலப்பக்கமே திறந்து, அவர் வழியில் சுவர் மாதிரி நின்றது. வாக்கரைப் பின்னால் இழுத்துச் சுற்றி வந்துதான் இன்சுலின் பேனாவை எடுக்க வேண்டும். "ஏம்பா, இந்தக் கதவு எனக்கு எதிரியாப்பா?" என்று ஒருநாள் கேட்டார்.

இடப்பக்கம் மாற்றினால் அங்கே இடம் போதுமா என்று முதலில் அளந்தோம். கதவு 90 டிகிரியைத் தாண்டித் திறக்காவிட்டால் காய்கறி டிராயர் வெளியே வராது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது, பிரச்சினை இல்லை. இன்சுலின் பேனாக்களை எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியின் ஃபிரிட்ஜுக்கு அனுப்பினோம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ்கட்டிமேல் வைத்து அது உறைந்துவிட்டாலும் பயன்படுத்தக் கூடாது.

மேலே ஃபிரீசர், கீழே ஃபிரிட்ஜ் என்ற சாதாரண இரண்டு கதவுப் பெட்டி அது. மின்சாரத்தைத் துண்டித்து, கதவுத் தட்டுகளைக் காலி செய்தபின், வேலை மேலிருந்து கீழே போகும். மேல் கீலைக் கழற்றினால் ஃபிரீசர் கதவை அப்படியே தூக்கி எடுக்கலாம். நடுக் கீலைக் கழற்றினால் கீழ்க் கதவு வரும். கடைசியில் அடிக் கீல். அதற்குப் பெட்டியைச் சற்றே பின்னால் சாய்க்க வேண்டும், இரண்டு பேர் கட்டாயம். அத்தான் பிடித்துக்கொண்டார். படுக்கவே போடாதீர்கள். கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். நிறையச் சாய்த்திருந்தால் நேராக நிறுத்திச் சில மணி நேரம் கழித்தே ஸ்விட்ச் போடுங்கள்.

கழற்றும் ஒவ்வொரு திருகையும் முட்டை டிரேயின் குழிகளில் வரிசையாகப் போட்டுவந்தேன். முதல் குழி மேல் கீல், கடைசிக் குழி அடிக் கீல். கீல் ஊசியில் மாட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வளையங்களை மட்டும் யாரும் மதிப்பதில்லை. அவைதான் கதவின் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. கதவின் அடியில் இருக்கும் தடுப்புத் துண்டையும் மறுபக்கம் மாற்ற வேண்டும். மாட்டும்போது கீழிருந்து மேலே வாருங்கள். மேல் கீலின் திருகுகளை முழுதாக இறுக்கும் முன், கதவை மூடி, அதன் ஓரம் பெட்டியின் ஓரத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தோடு பெரும்பாலோர் கைகழுவிவிடுகிறார்கள். எனக்கென்னவோ உண்மையான வேலையே இனிமேல்தான் என்று படுகிறது.

கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டைக்குள் நீளமான காந்தத் துண்டு இருக்கிறது. பெட்டியின் இரும்புச் சட்டத்தை அது பிடித்து இழுப்பதால்தான் இடைவெளி அடைபடுகிறது. கீல் பக்கத்துப் பட்டைக்கு மற்றப் பக்கங்களைவிட அதிக நசுக்கல். அக்கா வீட்டுப் பெட்டிக்கு ஏழு வயது. ஏழு வருடம் கீல் ஓரத்தில் நசுங்கித் தட்டையாகிப்போன பட்டை, இப்போது திறக்கும் பக்கத்துக்கு வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் காந்தம் எட்டிப் பிடிக்க வேண்டும்.

முதல் சோதனைக்கு ஒரு கடை ரசீது போதும். பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி வைத்துக் கதவை மூடி மெதுவாக இழுங்கள். லேசாகப் பிடித்துவிட வேண்டும். ஒரு சாணுக்கு ஒருமுறை நான்கு பக்கமும் செய்தேன். மூன்று பக்கம் பிடித்தது. திறக்கும் பக்கத்தின் மேல் மூலையில், நான்கு விரல் நீளத்துக்கு ரசீது வழுக்கிக்கொண்டு வந்தது.

அடுத்து, கைப்பேசியின் விளக்கைப் போட்டு, அந்த மூலையைப் பார்க்கும்படி உள்ளே வைத்து மூடினோம். சமையலறையை இருட்டாக்கிப் பார்த்தோம். வெள்ளை ரப்பர் முழுதும் மங்கலாக ஒளிரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கூர்மையான வெளிச்சக் கோடு தெரிந்தால் அது ஓட்டை. ரசீது வழுக்கிய அதே இடத்தில் கோடு தெரிந்தது. கைப்பேசியில் காணொளியும் பதிவுசெய்தால், கதவு மூடியதும் உள்விளக்கு அணைகிறதா என்பதும் தெரிந்துவிடும். சில மாடல்களில் விளக்கை அணைக்கும் சின்னக் காந்தத்தையும் பக்கம் மாற்ற வேண்டியிருக்கும்.

உடனே ரப்பரில் கைவைக்கவில்லை, பாதங்களைப் பார்த்தோம். அடிக் கீலை மாற்றும்போது முன் பாதங்களையும் கழற்றி மாட்டியிருந்தோம். வலது பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு அட்டை நுழைந்தது. ஒரு கால் தொங்கினால் பெட்டி மிக லேசாக முறுக்கிக்கொள்ளும், கதவு அதோடு பொருந்தாது. பாதத்தைத் திருகித் தரையில் பதித்தோம். முன்பக்கம் ஒரு நூல் உயரமாகவே இருக்கட்டும், கதவு தானாக மூடிக்கொள்ளும். நான்கு விரல் இரண்டு விரலாயிற்று.

மீதி இரண்டு விரலுக்கு அக்காவின் ஹேர் டிரையர். பட்டையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து, குறைந்த சூட்டில், ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் காட்டினோம். ரப்பர் இளகியதும் தட்டையான உதட்டை விரலால் வெளியே இழுத்துவிட்டு, கதவை மூடி ஆறவிட்டோம். அடுத்த முறை ரசீது கிழிவதுபோல் பிடித்துக்கொண்டது. புதிய கீல் பக்கத்தில் பட்டை உரசி மடங்கினால், அங்கே கொஞ்சமாக வாசலின் தடவலாம்.

இரவு ஒரு கிளாஸ் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வைத்தோம். காற்றின் வெப்பம் கதவைத் திறந்தவுடன் மாறும், தண்ணீரின் வெப்பம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. காலையில் 4 டிகிரி. அதற்குப் பிறகுதான் எதிர்வீட்டிலிருந்து இன்சுலின் திரும்பி வந்தது. கதவுத் தட்டில் வைக்காமல் நடுத்தட்டிலேயே வைத்தோம்.

இரண்டு கதவுக்கும் நடுவில் உள்ள சட்டம் சூடாக இருக்கிறதே என்று அத்தான் பதறினார். அது கோளாறு இல்லை. நம் ஊர் ஈரக்காற்றில் அங்கே வியர்க்காமல் இருக்க, சூடான குழாயை அந்தச் சட்டத்துக்குள் ஓட்டியிருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது வேறு: ஒரு வாரம் கழித்து ஃபிரீசரின் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்தாலோ, பட்டை ஓரத்தில் நீர்த்துளி கோத்து நின்றாலோ, அங்கே காற்று புகுகிறது. சூடு காட்டியும் சரியாகவில்லை, அல்லது ரப்பர் வெடித்திருக்கிறது என்றால், மாடல் எண்ணைச் சொல்லிப் புதுப் பட்டை வாங்கிவிடுங்கள். மாடல் எண் பெட்டியின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும்.