காலிக் கல்வெட்டு சொல்வதும் சொல்லாததும்

புலம்பெயர் நாடுகளில் பயிலும் தமிழ் மாணவர்கள் இலங்கை வரலாறு பற்றிய ஒப்படை எழுத முற்படும்போது, அவர்கள் கைக்கு எளிதில் எட்டும் சான்றுகளுள் காலி மும்மொழிக் கல்வெட்டும் ஒன்று. தென்னிலங்கைக் கடற்கரை நகரமான காலியில், 1911ஆம் ஆண்டில், ஒரு மதகின் மேல் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் அது கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. "தென்னிலங்கை தமிழரின் நாடாக இருந்தது என்பதற்கு இக்கல்லே சான்று" என்று ஒரு சாரார் எழுதுகின்றனர். "அது வந்துபோன வணிகருக்காக எழுதப்பட்டது, அங்கே தமிழர் வாழ்ந்ததற்கு அதில் சான்றில்லை" என்று மறுசாரார் எழுதுகின்றனர். இரு கூற்றுகளும் கல்லில் இல்லாதவை. கல்லில் உள்ளது எது, அதிலிருந்து முறையாகப் பெறத்தக்கது எது, அதன்மேல் ஏற்றப்படுவது எது என்று பிரித்தறியாத மாணவர், ஆசிரியர் கேட்கும் முதற் கேள்வியிலேயே தடுமாற நேரும்.

முதலில் கல் நேரடியாகச் சொல்வதைக் காண்போம். சீனத்தின் மிங் பேரரசர் யொங்லெயின் ஆட்சியில், 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு, கடலோடி செங் ஹேயின் பயணங்களை ஒட்டி எழுந்தது இது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் மூன்று வாசகங்கள் உள்ளன. சீன வாசகம் புத்தரைப் போற்றிக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ் வாசகம் தேனவரை நாயனாருக்குக் காணிக்கை செலுத்துகிறது. பெரிதும் சிதைந்துள்ள பாரசீக வாசகம் இஸ்லாம் சார்ந்தது. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் எனக் காணிக்கைப் பட்டியல்கள் பெருமளவு ஒத்துள்ளன. தேனவரை என்பது காலிக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள, இன்று தெவிநுவர எனப்படும் இடம். அங்கு யார் வாழ்ந்தனர், எத்தனை பேர் வாழ்ந்தனர், எம்மொழி பேசினர் என்பவை பற்றிக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை.

ஆயினும் சொல்லாத ஒன்றை இக்கல் உணர்த்தவே செய்கிறது. கல்லில் எழுத்துப் பொறிப்பது செலவும் உழைப்பும் மிக்க பணி. படிப்பவர் எவரும் இலர் என்று கருதியிருந்தால், பேரரசரின் பெயரால் ஒரு வாசகத்தைத் தமிழில் பொறித்திருக்க மாட்டார்கள். ஆகவே, அக்கரையில் பொதுப்பதிவு ஒன்றுக்குத் தமிழ் வேண்டிய மொழி என்று கல்லைச் செய்வித்தோர் கருதினர் என்பது உறுதியான அனுமானம். இங்கே "செய்வித்தோர் கருதினர்" என்ற சொற்கள் முக்கியமானவை. இக்கல் சீனாவிலேயே பொறிக்கப்பட்டுக் கப்பலில் கொண்டுவரப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவ்வாறாயின், அது காட்டுவது அக்கரையைப் பற்றிச் சீன அரசவை கொண்டிருந்த அறிவையே. அவ்வறிவு முந்தைய பயணங்களின் பட்டறிவிலிருந்து வந்திருக்கலாம், ஆதலால் மதிப்புடையது. எனினும் அது குடிக்கணக்கெடுப்பு ஆகாது.

அடுத்த படியில்தான் கால் இடறுகிறது. "கல்லில் தமிழ் இருக்கிறது, எனவே அவ்வூர் மக்களுட் பெரும்பான்மையோர் தமிழர்" என்ற முடிவைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதே விதியை அதே கல்லின் ஏனைய மொழிகளுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். பாரசீகமும் கல்லில் இருக்கிறது. எனவே காலி மக்களுட் பெரும்பான்மையோர் பாரசீகர் என்று எவரும் சொல்வதில்லை. இந்தியப் பெருங்கடல் முஸ்லிம் வணிகரிடையே அது பொதுமொழியாக வழங்கியது என்றே விளக்குவர். சீனமும் இருக்கிறது. அது கொடையாளியின் மொழி என்பர். ஆக, கல்லில் ஒரு மொழி இடம்பெறப் பல காரணங்கள் உண்டு. பாரசீகத்துக்குப் பொருந்தாத விதியைத் தமிழுக்கு மட்டும் பொருத்துவது, விருப்பத்தை முடிவாக்குவதாகும்.

மறுசாராரின் கூற்றும் இதே தராசில் நிறுக்கப்பட வேண்டும். தமிழ் வணிகமொழியாக இருந்திருக்கலாம் என்பது ஏற்கத்தக்கதே. அதனால் அங்கே வாழ்ந்த தமிழர் இலர் என்பது பெறப்படாது. தமிழ் வாசகத்தின் காணிக்கை ஒரு கோயிலின் இறைவனுக்கு உரியது. அக்கோயிலைப் பற்றி வேறொரு சான்றும் உண்டு. கல்லுக்கு 65 ஆண்டுகள் முன்னர், 1344இல், இலங்கை வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, தீனவர் என்னும் வணிகர் வாழும் பெரும் பட்டினத்தையும், அங்கிருந்த பெருங்கோயிலையும், அதில் ஏறத்தாழ ஆயிரம் பிராமணரும் யோகியரும் இருந்ததையும் குறிப்பிடுகிறார். ஒன்றையொன்று அறியாத இரு சான்றுகள் ஒரே இடத்தையும் கோயிலையும் சுட்டும்போது, கோயிலின் சிறப்புப் பற்றிய அனுமானம் வலுப்பெறுகிறது. ஆனால் இபின் பதூதாவும் அம்மக்களின் மொழியைக் கூறவில்லை. எனவே அவ்வளவில் நிற்பதே முறை.

மௌனத்திலிருந்து பெறும் முடிவுகளே மிகவும் வழுக்கலானவை. கல்லில் சிங்களம் இல்லை. இதைக் கொண்டு அங்கே சிங்களவர் இல்லை என்று வாதிடுவோர் உளர். ஒன்று இல்லாமை சான்றாக வேண்டுமெனில், அது இருந்திருந்தால் அங்கே கட்டாயம் எழுதப்பட்டிருக்கும் என்று முதலில் நிறுவ வேண்டும். சீன அரசவையிடம் சிங்களம் எழுத வல்லோர் இல்லாதிருந்திருக்கலாம். புத்தருக்கான காணிக்கையைக் கொடையாளியின் மொழியில் எழுதினாற் போதும் என்று கருதியிருக்கலாம். இவற்றுள் எதையும் கல் விலக்கவில்லை. சிங்களம் அக்காலத்தில் அரசும் இலக்கியமும் உடைய மொழி என்பது வேறு சான்றுகளால் ஐயமற அறியப்பட்டது. ஆதலால் மௌனத்தின் பொருள் இங்கே திறந்தே கிடக்கிறது.

தமிழ் அறிந்தவர்க்கே நேரும் பிழை ஒன்றும் உண்டு. "நாயனார்" என்ற சொல்லைக் கண்டதும், அறுபத்து மூவரை நினைந்து, இது சிவன் கோயில் என முடிவு செய்வது இயல்பு. ஆனால் அச்சொல் தலைவர், இறைவர் என்னும் பொதுப்பொருளில் வழங்கியது. வைணவ ஆசாரியரான அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் பெயரே இதற்குச் சான்று. தேனவரை நாயனாரைத் திருமாலாகக் கொள்ளும் ஆய்வாளர் உளர், சிவனாகக் கொள்ளும் மரபும் உண்டு. இவ்விரண்டில் எது சரி என்பதை அந்த ஒரு சொல் தீர்த்துவைக்காது. இன்றைய காதில் ஒலிக்கும் பொருளை 600 ஆண்டுகளுக்கு முந்தைய சொல்லின்மேல் ஏற்றுவதும் மிகைவாசிப்பே.

அப்படியாயின் மாணவர் என்ன எழுதலாம்? "1409ஆம் ஆண்டளவில், தென்னிலங்கைக் கரையில் தம் காணிக்கையைப் பதிவு செய்யத் தமிழும் வேண்டும் என்று சீன அரசவை கருதியது, தேனவரைக் கோயிலின் புகழ் அவர்களுக்கும் எட்டியிருந்தது, அங்கே தமிழ் படிக்கவல்லோர் இருந்திருப்பர் என்பது இதனால் மிகவும் பொருந்தும், அவர்கள் வணிகரா, கோயிலாரா, ஊர்க்குடிகளா என்பதை இக்கல் கூறவில்லை." இவ்வாறு எழுதப்பட்டதை எதிர்க்கருத்துடைய ஆசிரியரும் மறுக்க இயலாது. பெரும்பான்மை பற்றி ஒரு வரி கூட்டியெழுதினால், அவர் பாரசீகத்தைச் சுட்டிக்காட்டி அந்த வரியை வீழ்த்துவார். அதனோடு உண்மையான முதல் வரியும் சேர்ந்து மதிப்பிழக்கும். பிள்ளையின் ஒப்படையைப் பார்வையிடும் பெற்றோர், ஒவ்வொரு வரிக்கும் நேரே "இதைக் கல் சொல்கிறதா, நாம் சொல்கிறோமா?" என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தால், அந்த இடறலை முன்னரே தவிர்த்துவிடலாம்.