கூத்து 11-ஆம் தேதி... லீவு 12-ஆம் தேதிக்கு!

திரௌபதி அம்மன் கோயில் நோட்டீஸில் ‘11-6, வியாழன் இரவு: அபிமன்யு சண்டை’ என்று அச்சாகியிருக்கும். அதில் முதல்முறையாக வேஷம் கட்டப்போகிற தம்பி, நோட்டீஸைப் பார்த்துவிட்டு கம்பெனியில் 11-ஆம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுப்பார். மேனேஜரும் கையெழுத்துப் போட்டுவிடுவார். சிக்கல் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். 11-ஆம் தேதி பகலில் அவருக்குப் பெரிய வேலை எதுவும் இருக்காது. 12-ஆம் தேதி காலை ஏழு மணிக்கு கம்பெனி பஸ் வந்து நிற்கும்போது, முகத்து அரிதாரத்தைக்கூடத் துடைத்து முடித்திருக்க மாட்டார்!

அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா பக்கமிருந்து ஆம்பூர் வரை ஷூ கம்பெனிகளுக்குப் போய்வருகிற இளைஞர்களில், ராத்திரியில் வாத்தியாரிடம் கூத்துப் பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடவைவிட, பாட்டைவிட பயமான ஒன்று, மேனேஜரிடம் போய் நின்று ‘சார், நான் ஆடப்போறேன், லீவு வேணும்’ என்று சொல்வது. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில், கூத்து ராத்திரி எப்படிப் போகும் என்பதை நாம் தெளிவாக வைத்துக்கொண்டால்தான் மேனேஜரிடம் தெளிவாகச் சொல்ல முடியும். களரி கட்டி ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை ஒலிக்கத் தொடங்க ராத்திரி பத்து மணி ஆகிவிடும். ஆனால் வேஷம் கட்டுகிறவர் அதற்கு வெகு முன்பே கொட்டகைக்கு வந்துவிட வேண்டும். முகத்துக்கு வர்ணம் எழுதுவது, புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கிரீடம் என்று ஒவ்வொன்றாகக் கட்டுவது எல்லாம் அவசரத்தில் முடிகிற வேலை இல்லை. முதல்முறை கட்டுகிறவருக்கு இன்னும் நேரமாகும். முடிவது விடியற்காலையில். ‘எனக்குச் சின்ன வேஷம்தான், ஒரு மணிக்கே முடிஞ்சிடும்’ என்றும் கணக்குப் போட முடியாது. தன் வேஷம் முடிந்தாலும் பின்பாட்டுக்கு நிற்க வேண்டும். ஜமாவில் புதுசாகச் சேர்ந்தவர் பாதியில் வீட்டுக்குப் போவதை எந்த வாத்தியாரும் விரும்ப மாட்டார்.

ஆக, கேட்க வேண்டியது இரண்டு. கூத்தன்று மாலை இரண்டு மணி நேரம் பெர்மிஷன், மறுநாள் முழுநாள் லீவு. ஷிஃப்ட் ஐந்தரைக்கு முடிந்து கம்பெனி பஸ் ஊருக்கு வந்து சேர ஏழு ஆகிறது என்றால், மூன்றரைக்கே கிளம்ப வேண்டும். கூத்து சனிக்கிழமை ராத்திரி என்றால் மறுநாள் ஞாயிறு. லீவே வேண்டாம், பெர்மிஷன் போதும். பத்துப் பதினைந்து நாள் கூத்து நடக்கிற ஊர்களில் எந்தக் கதை எந்த ராத்திரி என்பது முன்பே முடிவாகிவிடும். ‘வாத்தியாரே, எனக்கு சனிக்கிழமைக் கதையில ஒரு வேஷம் கொடுங்க’ என்று முன்கூட்டியே கேட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை. (சபாவிலோ மண்டபத்திலோ நடக்கும் பரதநாட்டிய அரங்கேற்றம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழ். அது மாலையில் தொடங்கி ராத்திரியே முடிந்துவிடும். அன்றைக்குத்தான் லீவு வேண்டும்.)

இப்போது மேனேஜர் பக்கம். அவருக்குக் கலை பிடிக்காது என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். அவர் யோசிப்பது வேறு. ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் ஒருவர் தைத்து அடுத்தவருக்குத் தள்ள, அவர் தைத்து அதற்கடுத்தவருக்குத் தள்ளுகிறார். நடுவில் ஒரு மெஷின் காலியாக இருந்தால் அதற்கு முன்னால் குவியும், பின்னால் காயும். ஷிப்மென்ட் தேதி நெருங்குகிற வாரத்தில் அந்த ஒரு காலி மெஷின்தான் அவருக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் அவர் மனதில் ஓடும் முதல் கேள்வி ‘ஏன் லீவு?’ என்பதல்ல, ‘அந்த மெஷின்ல யாரு உட்காருவா?’ என்பதுதான். கடிதத்திலேயே அதற்குப் பதில் இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதே ஆபரேஷன் தெரிந்த ஒருவரிடம் பேசி, சூப்பர்வைசரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அப்புறம் மேனேஜரிடம் போங்கள். சூப்பர்வைசரைத் தாண்டி நேரே மேலே போனால், அவர் கோபத்திலேயே ‘ஆள் இல்லை சார்’ என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

எப்போது கொடுப்பது? 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், சம்பளத்துடன் கூடிய லீவுக்கு 15 நாள் முன்பே எழுத்தில் கேட்கச் சொன்னது. முந்தைய ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் 12 நாள் லீவு சேர்ந்திருக்கும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அந்த 240 நாள் 180 ஆகக் குறைந்திருக்கிறது. 20-க்கு ஒன்று என்பது மாறவில்லை. கணக்கில் எத்தனை நாள் மிச்சம் என்று டைம் ஆபீஸில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பழைய சட்டத்தில் ஆண்டுக்கு மூன்று தடவைக்கு மேல் இந்த லீவைப் பிரித்து எடுக்க முடியாது என்றும் இருந்தது. ஒத்திகைக்கு ஒன்று, வாத்தியார் வீட்டு விசேஷத்துக்கு ஒன்று என்று முன்பே செலவழித்துவிட்டால், கூத்தன்று கேட்பதற்குச் சங்கடமாகிவிடும்.

ஜூன் 11 வியாழன் ராத்திரிக் கூத்து என்றால் மே 25 திங்கட்கிழமையே கடிதம் கொடுத்துவிடலாம். அதற்கும் முன்னால், மே மாத நடுவில் வேண்டாம். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் லீவு கேட்டு மேனேஜரைச் சுற்றி நிற்கிற நேரம் அது!

கடிதம் இவ்வளவு போதும்:

*பொருள்: 12-6 வெள்ளி ஒரு நாள் விடுப்பு, 11-6 வியாழன் மாலை 3.30 முதல் பெர்மிஷன்.*

*ஐயா,*

*வணக்கம். நான் தெருக்கூத்து கற்று வருகிறேன். வரும் ஜூன் 11 வியாழன் இரவு எங்கள் ஊர்க் கோயிலில் முதல்முறையாக வேஷம் கட்டி ஆடுகிறேன். கூத்து இரவு 10 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 மணிக்கு முடியும். அதனால் 11-ஆம் தேதி மாலை 3.30 மணிக்குக் கிளம்பவும், 12-ஆம் தேதி என் கணக்கில் உள்ள சம்பள விடுப்பில் ஒரு நாள் எடுக்கவும் அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில் என் மெஷினில் வேலை பார்க்க அதே லைனில் உள்ள (பெயர்) சம்மதித்திருக்கிறார். சூப்பர்வைசருக்கும் தெரிவித்திருக்கிறேன். 13-ஆம் தேதி சனிக்கிழமை வழக்கம்போல் வேலைக்கு வந்துவிடுவேன். கோயில் நோட்டீஸ் நகலை இணைத்துள்ளேன்.*

*நன்றி.*

*பெயர், டோக்கன் எண், பிரிவு, தேதி, கையெழுத்து.*

இதில் ‘முதல்முறையாக’ என்ற சொல்லையும், ‘காலை 6 மணிக்கு முடியும்’ என்ற வாக்கியத்தையும் விட்டுவிடாதீர்கள். முதல் சொல், இது மாதாமாதம் வரப்போகிற லீவு அல்ல என்று சொல்கிறது. இரண்டாவது, 11-ஆம் தேதிக் கூத்துக்கு 12-ஆம் தேதி எதற்கு லீவு என்ற சந்தேகத்தைத் தீர்க்கிறது. ‘ராத்திரி முடிஞ்சுதானே, காலையில வந்துடுப்பா’ என்று நேரில் கேட்டால், ‘ராத்திரி பூரா கண்ணு முழிச்சிட்டு மெஷின்ல உட்கார்ந்தா கை போயிடும் சார்’ என்று சொன்னால் போதும். கட்டிங் பிரஸ்ஸில் வேலை செய்கிறவர் இதைச் சொன்னால் எந்த மேனேஜரும் யோசிப்பார்.

எழுத வேண்டாதவையும் உண்டு. கூத்துக் கலையின் பெருமை, வாத்தியாரின் பரம்பரை, எத்தனை வருஷப் பயிற்சி என்பதெல்லாம் நேரில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். கடிதத்தில் வந்தால் மேனேஜர் தேதியைத் தேட வேண்டியிருக்கும். ‘கண்டிப்பாகத் தர வேண்டும்’, ‘தராவிட்டால்’ போன்ற சொற்களும் வேண்டாம்.

இன்னொன்று, ‘காய்ச்சல்’ என்று சொல்லிவிட்டுப் போவது. சிலர் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கிவிடலாம் என்றுகூட யோசிக்கிறார்கள். நோய்க்கான பணத்தைப் பொய் சொல்லி வாங்குவது தண்டனைக்குரிய குற்றம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கூத்து முடிவதற்குள் உங்கள் வேஷப் படம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றி, லைனில் பக்கத்து மெஷின் அக்கா ஸ்டேட்டஸில் வந்துவிடும். முதல் மேடையை ஒளித்து வைக்கவே முடியாது.

வாட்ஸ்அப்பில் மட்டும் கேட்டு, ‘ஓகே’ என்ற பதிலை நம்பிப் போவதும் வேண்டாம். டைம் ஆபீஸில் பதிவாகாவிட்டால் அது ஆப்சென்ட்தான். கடிதம் இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் கையெழுத்து வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பல கம்பெனிகளில் முழு வருகைக்கு ஊக்கத்தொகை உண்டு. அனுமதி வாங்கிய லீவுக்கும் அது வெட்டுப்படுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. சம்பளம் வந்த பிறகு தெரிந்தால் வீட்டில் கூத்துக்கே தடை போட்டுவிடுவார்கள்.

மேனேஜர் முடியாது என்றால்? பழைய சட்டப்படி, சரியான நேரத்தில் எழுதிக் கேட்ட லீவைக் காரணமில்லாமல் மறுக்க முடியாது. வேலை நிற்காமல் இருக்க யார், எப்போது லீவு எடுப்பது என்று தொழிலாளர் தரப்போடு பேசி முடிவான ஏற்பாடு இருந்தால், அதன்படி மட்டுமே மறுக்கலாம். மறுக்கப்பட்ட லீவு வீணாகவும் போகாது. சாதாரணமாக 30 நாள் வரைதான் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியும். கேட்டும் கிடைக்காத லீவுக்கு அந்த வரம்பு கிடையாது. புதிய தொகுப்பிலும் இது தொடர்கிறது. ஆனால் லீவு அடுத்த ஆண்டுக்குப் போகலாம், அபிமன்யு சண்டை போகாது. அன்றைய ராத்திரிக்கு ஆள் இல்லை என்றால் வாத்தியார் வேஷத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார். அதனால் முதல் நாளே சட்டம் பேசுவதைவிட, ‘சார், அதுக்கு முந்தின ஞாயிறு ஓவர்டைம் இருந்தா வர்றேன்’ அல்லது ‘காலையில வேண்டாம் சார், மதியம் ரெண்டு மணிக்கு மேல வந்து பாதி நாள் பார்க்குறேன்’ என்று ஒரு வழியை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். பாதி நாள் தூங்கி எழுந்தவர் மதியம் வேலை பார்க்க முடியும். ஆனால் கட்டிங் பிரஸ் பக்கம் அன்று வேண்டாம், பேக்கிங்கிலோ செக்கிங்கிலோ போடச் சொல்லுங்கள்.

லீவு கிடைத்துவிட்டதா? கடைசியாக ஒன்று. கூத்துக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, உங்களுக்குப் பதிலாக உட்காரப்போகிறவரிடம் அன்றைக்கு எந்த மாடல் ஓடுகிறது, எந்த நூல், எந்த ஊசி என்று காட்டிக் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை காலை வீட்டில் தூங்கும்போது போன் அடிப்பது பெரும்பாலும் இதைக் கேட்கத்தான்.