தலையணையை எடுத்துவிடு என்பவர்களுக்கு

காலையில் எழுந்தால் கழுத்து திரும்பவில்லை என்று நம் ஊரில் ஒருவர் வாய் திறந்தால் போதும். உடனே இரண்டு வைத்தியம் வந்து நிற்கும். ஒன்று, "தலையணையை எடுத்துப் போடு." இன்னொன்று, "கெட்டியா ஒரு மெத்தை வாங்கு." வில்லியனூர் டீக்கடையில் சொல்வதும் இதுதான், புதுச்சேரி மெத்தைக் கடையில் சொல்வதும் இதுதான். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்தால், நன்றாக இருக்கிற கழுத்தும் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும் என்பது என் கட்சி. காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தலையணை எதற்கு? தலைக்கு மெத்தென்று இருப்பதற்கு மட்டும் அல்ல. படுக்கும்போது கழுத்துக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு சந்து விழுகிறது. அதை நிரப்பத்தான் தலையணை. ஒருக்களித்துப் படுத்தால் அந்தச் சந்து தோளின் அகலத்தால் வருகிறது. தோள் தரையில் ஊன்றி நிற்கிறது, தலை அந்தரத்தில் நிற்கிறது. சந்து நிரம்பாவிட்டால் தலை கீழே தொங்கும். அளவுக்கு மேல் நிரம்பினால் மேல்பக்கம் மடங்கும். இரண்டிலும் கழுத்துத் தசை ஆறேழு மணி நேரம் இழுபட்டே கிடக்கிறது. காலையில் நாம் "பனி பிடிச்சிடுச்சு", "ஃபேன் காத்து" என்கிறோம்.

இதில் பலரும் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சந்தின் உயரத்தைத் தீர்மானிப்பதில் மெத்தைக்கும் பங்கு இருக்கிறது. மெத்தை மெதுவாக இருந்தால் தோள் அமிழும், சந்து சிறியதாகும், மெல்லிய தலையணை போதும். மெத்தை கெட்டியாக இருந்தால் தோள் அமிழாது, சந்து பெரியதாகும், உயரமான தலையணை வேண்டும். ஆகவே கெட்டி மெத்தை வாங்கச் சொல்லுகிறவர் தலையணையை உயர்த்தச் சொல்ல வேண்டும். எடுக்கச் சொன்னால் அது கணக்குக்கே ஒத்துவராது.

பாகூரில் என் அக்கா வீட்டில் நடந்ததை அளவோடு சொல்கிறேன். மாமாவுக்கு வயது 72. எப்போதும் ஒருக்களித்தே படுப்பார். அவர்கள் வீட்டில் இருந்தது பழைய இலவம் பஞ்சு மெத்தை. நடுவில் குழி விழுந்துவிட்டது என்று மகன் கெட்டியான தென்னை நார் மெத்தை ஒன்றை வாங்கிப் போட்டான். விலை பதினெட்டாயிரம். மேலுறையில் 'ஆர்த்தோ' என்று பெரிதாக எழுதியிருந்தது. பதினைந்தே நாளில் மாமாவுக்குக் கழுத்துப் பிடிப்பு. கடையில் போய்ச் சொன்னால், "தலையணை இல்லாமப் படுங்க சார், பழகிடும்" என்றார்களாம். அப்படியே படுத்தார். தலை தொங்குவது தாங்காமல் தூக்கத்தில் கையை மடித்துத் தலைக்குக் கொடுத்திருக்கிறார். கழுத்தோடு கையும் மரத்துப்போக ஆரம்பித்தது. "மச்சான், மெத்தை மாறினதுல இருந்து நான் மனுஷனா இல்ல" என்றார் என்னிடம்.

அளந்து பார்த்தோம். மாமாவைச் சுவரோரம் பக்கவாட்டில் நிற்க வைத்து, தோள் சுவரைத் தொட, முகம் நேரே பார்க்க, சுவரிலிருந்து கன்னம் வரை ஸ்கேல் பிடித்தேன். 14 செ.மீ. வெறும் தரையில் படுத்தால் அவருக்கு வேண்டிய தலையணை உயரம் ஏறக்குறைய அதுதான். பழைய மெத்தை இன்னும் பரணில் இருந்தது. அதை விரித்துப் படுக்கச் சொல்லி, குறுக்கே ஒரு மரச்சட்டத்தை வைத்துப் பார்த்தால் தோள் 5 செ.மீ. அமிழ்கிறது. 14-ல் 5 போனால் 9. அவருடைய தலையணை, தலையை வைத்தபின் நிற்கிற உயரமும் 9 செ.மீ. இத்தனை வருடம் கழுத்து நோகாததற்குக் காரணம் இந்தப் பொருத்தம்தான். புது மெத்தையில் தோள் அமிழ்வது 1 செ.மீ. வேண்டியது 13, இருப்பது 9. நான்கு செ.மீ. பள்ளத்தில் இரவெல்லாம் தலை தொங்கியிருக்கிறது. தலையணையையும் எடுத்த பிறகு பள்ளம் பதின்மூன்று!

மருந்து எதுவும் கொடுக்கவில்லை. ஒரு பருத்திப் போர்வையை மடித்து, அழுத்தினால் 2 செ.மீ. நிற்கும்படி தலையணைக்கு அடியில் வைத்தோம். மூன்று இரவு கழித்து இன்னொரு 2 செ.மீ. ஒரேயடியாக உயர்த்தினால் அதற்கும் கழுத்து முரண்டு பிடிக்கும், அதனால் இரண்டு தவணை. அவர் படுத்தபின் முதுகுப்பக்கம் நின்று பேரப்பிள்ளை போனில் படம் எடுத்தான். தலையும் முதுகுத்தண்டும் ஒரே கோட்டில், கட்டிலுக்கு இணையாக இருக்க வேண்டும். இருந்தது. இரண்டாவது வாரத்தில் மாமா சைக்கிளில் போகும்போது திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அதே கட்டிலில் படுக்கிற அக்காவின் கதை வேறு. அக்கா மல்லாந்து படுப்பவள். மல்லாந்து படுப்பவர்களுக்கு ஒருக்களிப்பவர்களைவிடத் தாழ்வான தலையணை போதும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் வயதான நம்மில் பலருக்கு மேல் முதுகு லேசாகக் கூன் விழுந்திருக்கிறது. அக்காவைச் சுவரில் முதுகு சாய்த்து, குதிகால் சுவரைத் தொட நிற்கச் சொன்னேன். பின்மண்டை சுவரைத் தொடவில்லை, 7 செ.மீ. இடைவெளி. இவள் தலையணை இல்லாமல் கெட்டிப் படுக்கையில் மல்லாந்தால் தலை அந்த 7 செ.மீ. பின்னால் சரியும், முகவாய் கூரையைப் பார்க்கும். நெற்றியும் முகவாயும் ஒரே மட்டத்தில் இருக்கிற மாதிரி ஒரு தலையணை அவளுக்குக் கட்டாயம் வேண்டும். மாமாவின் 13 செ.மீ. அவளுக்கு ஆகாது, முகவாய் நெஞ்சில் இடிக்கும். ஒரே கட்டில், இரண்டு தலையணை, இரண்டு உயரம். ஜோடித் தலையணை என்று ஒரே அளவில் இரண்டு வாங்குவது கல்யாணச் சீருக்குத்தான் சரி.

"அந்தக் காலத்தில் கோரைப் பாயில், தலையணை இல்லாமல் படுத்து நூறு வயது வாழ்ந்தார்கள்" என்று ஒரு கட்சி உண்டு. திண்ணையில் படுத்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்தார்கள், மணைக்கட்டையை வைத்தார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் கையை மடித்து வைத்தார்கள். தலைக்கு உயரம் வேண்டும் என்று அவர்கள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் பாயை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு துண்டை மறந்துவிட்டோம்.

இனி கடைக்காரர்களின் மூன்று சொற்கள். முதலாவது 'ஆர்த்தோ'. அந்த எழுத்து மெத்தை உங்கள் தோளுக்கு எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதைச் சொல்வதில்லை. கெட்டியாக இருந்தால் முதுகுக்கு நல்லது என்பதுதான் அதன் பின்னால் உள்ள வாதம். ஸ்பெயின் நாட்டில் நீண்ட நாள் இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்துக் கோவாக்ஸ் என்ற மருத்துவரும் குழுவினரும் இதைச் சோதித்து, 2003-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, பாதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி. 90 நாள் கழித்து வலி அதிகம் குறைந்தது நடுத்தரத்தில் படுத்தவர்களுக்குத்தான். அது கழுத்துக்கான ஆய்வு அல்ல. ஆனால் கெட்டி மெத்தையின் சொந்தக் கோட்டையான இடுப்பிலேயே அது தோற்றிருக்கிறது என்றால், கழுத்துக்கு எதற்கு அதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்?

இரண்டாவது 'டென்சிட்டி'. "இது 40 டென்சிட்டி சார், நல்லா கெட்டியா இருக்கும்" என்பார்கள். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை என்று பொருள். சரக்கு எவ்வளவு அடர்த்தி, எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு அது ஒரு குறி. கெட்டியா மெதுவா என்பது வேறு அளவு. ஒரே 40-ல் மெதுவாகவும் செய்யலாம், கெட்டியாகவும் செய்யலாம். எண்ணைப் பார்க்காதீர்கள், செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள், வெட்கம் வேண்டாம்.

மூன்றாவது 'செர்விகல் தலையணை'. நடுவில் பள்ளமும் ஓரத்தில் மேடுமாக வருகிற ஃபோம். ஆஸ்திரேலியாவில் சூசன் கார்டனும் உடன் ஆய்வாளர்களும் ஒருக்களித்துப் படுப்பவர்களிடம் ஐந்து வகைத் தலையணைகளைக் கொடுத்துப் பார்த்து 2009-ல் எழுதினார்கள். ரப்பர் தலையணை நன்றாக வந்தது, இறகுத் தலையணை மோசமாக வந்தது. மேடுபள்ள ஃபோமுக்கு மற்றவற்றைவிடத் தனிச் சிறப்பு இருப்பதாகச் சான்று இல்லை என்றார்கள். உயரம் பொருந்தினால் வாங்குங்கள், வடிவத்துக்காக வாங்காதீர்கள்.

நம் வீட்டு இலவம் பஞ்சையும் விட்டுவைக்க வேண்டாம். வேர்வைக்கு அதைப் போலக் குளுமையானது இல்லை. ஆனால் அந்த இழை உள்ளே கூடாக இருப்பது. வருடக்கணக்கில் நசுங்கினால் உடைந்து தூளாகும். கையால் நடுவில் அழுத்தி எடுங்கள். பள்ளம் எழும்பாமல் அப்படியே நின்றால் பஞ்சு செத்துவிட்டது. படுக்கப் போகும்போது ஒரு தரம், எழுந்தவுடன் ஒரு தரம் உயரத்தை அளந்து பாருங்கள். இரவு 12 இருந்தது விடியலில் 7 என்றால், நள்ளிரவுக்கு மேல் நீங்கள் தலையணை இல்லாமல்தான் படுத்திருக்கிறீர்கள். வெயிலில் போட்டால் கொஞ்சம் எழும்பும். இலவம் பஞ்சைத் துவைக்கக் கூடாது. எழும்பாததைப் பிரித்துப் புதுப் பஞ்சு திணிக்கச் சொல்லுங்கள். புது மெத்தையின் விலையில் ஒரு மூலைக்குக்கூட அந்தச் செலவு வராது.

எல்லாப் பிடிப்பும் தலையணையால் வருவதல்ல. எழுந்து நடமாடியதும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் விட்டுப்போகிற பிடிப்புக்குத்தான் இந்த அளவெல்லாம். கை மரத்துப் போய் விரல்வரை இறங்குகிறது, சட்டைப் பொத்தான் போட வரவில்லை, நடை தடுமாறுகிறது, காய்ச்சலோடு கழுத்து விறைக்கிறது, விழுந்தபின் வலிக்கிறது என்றால் ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டுக் கரிக்கலாம்பாக்கம் சமுதாய நலவழி மையத்துக்கோ ஜிப்மருக்கோ போங்கள். வலி நெஞ்சிலோ இடது கையிலோ சேர்ந்து வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மற்றவர்கள் மெத்தைக் கடைக்குப் போகும் முன் சுவரோரம் நின்று அளந்து, இருக்கிற தலையணைக்கு அடியில் ஒரு போர்வையை மடித்து வைத்துப் பத்து நாள் பாருங்கள். அதற்குப் பிறகும் மெத்தை வேண்டும் என்றால், கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் என் தோள் எவ்வளவு அமிழும்?" பதிலாக அவர் மேலுறையில் உள்ள எழுத்தைக் காட்டினால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.