பரிசோதனைக்கு முன் பணம் வேண்டாம்

"மூலம், பவுத்திரம்: ஆபரேஷன் இல்லை, ஒரே நாளில் நிரந்தர குணம்." பேருந்து நிலையக் கழிவறைச் சுவரில் ஒட்டியிருக்கும் இந்த நோட்டீஸில் ஒரு கைபேசி எண் மட்டும் இருக்கும். மருத்துவர் பெயரோ பதிவு எண்ணோ இருக்காது. இதே வாக்குறுதி இப்போது "முப்பதே நிமிடத்தில் லேசர்" என்று செல்போன் திரைக்கும் வந்துவிட்டது. வெளியே சொல்லக் கூச்சப்படும் நோயாளியின் தயக்கத்தைக் காசாக்கும் இந்த விளம்பரங்களை அரசு நிறுத்த வேண்டும். பரிசோதிக்காமல் கேட்பவருக்கு நோயாளிகளும் பணம் கொடுக்கக் கூடாது.

இந்த விளம்பரங்கள் விற்கும் மருந்துகள் பலித்ததுபோலத் தோன்றுவதற்குக் காரணம் மூலத்தின் இயல்பே. ஆசனவாயின் உள்ளே இருக்கும் இரத்தக் குழாய்த் திசுக்கள் வீங்குவதுதான் உள்மூலம். அதில் சில நாள் இரத்தம் வரும், பிறகு தானாக நிற்கும், மாதக்கணக்கில் வராமலும் இருக்கும். வெளிமூலத்தில் இரத்தம் உறைந்து கட்டியானால் முதல் சில நாள் உட்காரவே முடியாது. ஆனால் அந்த வலி பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே அடங்கிவிடும். அந்த நேரத்தில் எந்தப் பொடியைச் சாப்பிட்டாலும் பொடிக்குத்தான் பெயர் கிடைக்கும்.

பணம் மட்டும் போனால் தேறிவிடலாம். ஐம்பது வயதான ஒருவருக்கு மலத்தோடு இரத்தம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போனில் விவரம் கேட்டவர், "மூலம்தான், மூன்று மாதக் கோர்ஸ் எடுங்கள்" என்கிறார். இரத்தம் சில நாள் நிற்கிறது, அவரும் நம்பிவிடுகிறார். மலக்குடல் புற்றுநோயும் இப்படி விட்டுவிட்டு இரத்தம் காட்டும். மலம் கழிக்கும் வழக்கம் மாறுவது, காரணமின்றி எடை குறைவது, இரத்தசோகை ஆகியவை அதன் எச்சரிக்கைகள். எளிதாகக் குணப்படுத்தியிருக்கக்கூடிய மாதங்கள் கோர்ஸிலேயே கரைந்துபோகும். தகுதியில்லாத ஆட்கள் போடும் ஊசியிலும் ஆபத்து உண்டு. தவறான மருந்தோ தவறான இடமோ திசுவை அழுக வைக்கும். ஆசனவாய் சுருங்கிவிடலாம், மலத்தை அடக்கும் திறனும் போகலாம்.

ஆகவே ஒரு கிளினிக்கை எடைபோட முதல் அளவுகோல் பரிசோதனை. மருத்துவர் கையுறை அணிந்து விரலால் பரிசோதித்தாரா, பிராக்டோஸ்கோப் என்ற சிறு குழாயால் உள்ளே பார்த்தாரா? வலி கடுமையாக இருந்தால் அதைத் தள்ளிவைப்பது நியாயம். பார்க்காமலே பெயர் சூட்டுவது நியாயமல்ல. உள்மூலம் பொதுவாக வலிக்காது. மலம் போகும்போது கத்தியால் கிழிப்பதுபோல் வலித்தால் பெரும்பாலும் அது வெடிப்பாக இருக்கும். அதற்குச் சிகிச்சையே வேறு.

அடுத்து, "எனக்கு எத்தனையாவது நிலை?" என்று கேளுங்கள். உள்மூலத்துக்கு நான்கு நிலைகள் உண்டு. முதல் இரண்டு நிலைகளில் நார்ச்சத்து, தண்ணீர், முக்காமல் மலம் கழிக்கும் பழக்கம் ஆகியவற்றிலேயே பலர் தேறுகிறார்கள். தேறாவிட்டால் மயக்கமருந்து இல்லாமல் ரப்பர் வளையம் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பலாம். அறுவை சிகிச்சை பெரும்பாலும் பிந்தைய நிலைகளுக்குத்தான். எனவே யார் வந்தாலும் லேசர் பேக்கேஜ் என்று சொல்லும் இடம் நோயைப் பார்க்கவில்லை. லேசர் செய்தாலும், அறுத்தாலும், மலச்சிக்கல் நீடித்தால் மூலம் திரும்பலாம். "நிரந்தர உத்தரவாதம்" தருபவர் இதை மறைக்கிறார்.

பணம் கட்டும் முன் சிகிச்சை செய்யப்போகும் மருத்துவரின் பெயர், பட்டம், பதிவு எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, உரிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் சரிபாருங்கள். அலோபதிக்கும் சித்தாவுக்கும் இது பொருந்தும். மொத்தச் செலவை எழுத்தில் கேளுங்கள். "இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் இன்னொரு கருத்தைக் கட்டணமின்றிப் பெறலாம்.

சட்டத்துக்குக் குறைவில்லை. மருந்தைப் பற்றிப் பொய்யாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டத்தின் 4-வது பிரிவு தடுக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. வெளியிடுபவரும் அதற்குத் தப்ப முடியாது. நோட்டீஸில் இருக்கும் கைபேசி எண்ணை வைத்தே ஆளைப் பிடிக்கலாம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை புகாருக்குக் காத்திராமல் தானே நடவடிக்கை எடுக்க வேண்டும். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். மருத்துவர் பெயரும் பதிவு எண்ணும் இல்லாத சிகிச்சை விளம்பரத்தைப் பத்திரிகைகளும் கேபிள் டி.வி.க்களும் எவ்வளவு பணம் தந்தாலும் வாங்கக் கூடாது.