பெயரைப் பார்த்தாள், கேட்கவும் செய்தாள். ஆனால் யாரிடம்?

என் பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி சென்ற செமஸ்டரில் 450 ரிங்கிட்டைப் பறிகொடுத்தாள். வளாகத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஓர் அறை இருப்பதாகச் சமூக ஊடகத்தில் விளம்பரம் வந்தது. வீட்டுக்காரர் தமிழர், நன்றாகப் பேசினார். "நாளைக்கே வந்து பாரும்மா, இன்னைக்கு முன்பணம் மட்டும் போட்டு வச்சிரு" என்று சொல்லி வாட்ஸ்அப்பில் கணக்கு எண்ணை அனுப்பினார். அவளும் வங்கிச் செயலியைத் திறந்து, டூயிட்நவ் வழியாக அனுப்ப அந்த எண்ணைத் தட்டினாள். திரையில் தெரிந்தது முன்பின் அறியாத ஒரு பெண்ணின் பெயர்.

அவள் கவனக்குறைவாக இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். பெயரைப் பார்த்தாள். உடனே அவரிடமே கேட்டாள். "அது என் வைஃப் அக்கவுண்ட்மா. என் அக்கவுண்ட்ல பிரச்சினை. இன்னும் ரெண்டு பேரு கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்று பதில் வந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். மறுநாள் அந்த எண் அவளைத் தடைசெய்திருந்தது. அப்படி ஓர் அறையே கிடையாது.

"பெயரைச் சரிபாருங்கள்" என்று எல்லா வங்கிகளும் சொல்கின்றன. அது பாதி அறிவுரைதான். பெயர் ஒத்துப்போகாதபோது யாரிடம் விளக்கம் கேட்பது என்பதுதான் மீதிப் பாதி. என் தோழி தவறியது அங்கேதான்.

முதலில், அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது? நீங்கள் எண்ணைத் தட்டியதும், பணம் கிளம்புவதற்கு முன்பே, உங்கள் வங்கி பெறுநரின் வங்கியிடம் அந்தக் கணக்கு யாருடையது என்று விசாரிக்கிறது. அங்கே பதிவாகியிருக்கும் பெயர் உங்கள் திரைக்கு வருகிறது. அனுப்புபவர் சொன்ன கதை எதுவும் அதில் கலக்காது. அதனால்தான் அந்த ஒரு வரிக்கு மதிப்பு.

ஆனால் செயலி உங்களுக்காக எதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. நீங்கள் யாருக்கு அனுப்ப நினைக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. பெயர் வேறாக இருந்தால் பணம் தானாக நின்றுவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நிற்காது. பணம் போவது எண்ணைப் பார்த்து மட்டுமே. குறிப்புப் பகுதியில் "வாடகை முன்பணம்" என்றோ வீட்டுக்காரரின் பெயரையோ எழுதினாலும், அது பணம் போகும் வழியை மாற்றாது. அழுத்திய சில நொடிகளில் பணம் மறுபக்கம் சேர்ந்துவிடும்.

பிரிட்டனில் 2020 முதல் பெரிய வங்கிகள் வேறு முறையைக் கையாள்கின்றன. அங்கே எண்ணோடு பெறுநரின் பெயரையும் அனுப்புபவரே தட்ட வேண்டும். பெயர் பொருந்துகிறது, ஏறக்குறைய பொருந்துகிறது, பொருந்தவில்லை என்று வங்கி பதில் சொல்லும். நம் வங்கிகளும் இதைக் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை இதே வேலையை நாமே செய்யலாம். எண்ணைத் தட்டுவதற்கு முன், எந்தப் பெயர் வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெயரை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். கணக்கு எண்ணை அனுப்பியவரே பெயரையும் அனுப்பினால், அதை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. விவரம் தெரிந்த மோசடிக்காரர் கணக்குக்கு உரியவரின் பெயரையும் சேர்த்தே சொல்லிவிடுவார். திரையில் அதே பெயர் வரும், நமக்கும் நிம்மதியாக இருக்கும். அறை வாடகை என்றால், வாடகை ஒப்பந்தத்தில் வீட்டு உரிமையாளராக யார் கையெழுத்துப் போடுகிறாரோ, அவருடைய அடையாள அட்டைப் பெயர்தான் நாம் எழுத வேண்டியது. கடை என்றால், பதிவு செய்யப்பட்ட நிறுவனப் பெயர்.

பெயர் மாறினாலே மோசடி என்றும் ஆகிவிடாது. எல்லாரும் "அங்கிள் மணி" என்று கூப்பிடுபவரின் அடையாள அட்டையில் "சுப்ரமணியம் த/பெ" என்று தொடங்கும் நீண்ட பெயர் இருக்கலாம். கடையின் பெயர்ப்பலகை ஒன்றாகவும் நிறுவனத்தின் பதிவுப் பெயர் வேறாகவும் இருக்கலாம். கைப்பேசி எண்ணுக்கு அனுப்பும்போது, அந்த எண்ணை முன்பு வைத்திருந்தவரின் பெயர் வரவும் வாய்ப்புண்டு. இவற்றுக்கெல்லாம் காரணத்தைக் காகிதத்தில் காட்ட முடியும். ஆணின் பெயர் வர வேண்டிய இடத்தில் பெண்ணின் பெயர், நிறுவனத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் தனிநபரின் பெயர் என்றால், வாய்வார்த்தை மட்டும் போதாது.

அப்போது செய்ய வேண்டியது எளிது. பரிவர்த்தனையை ரத்து செய்யுங்கள். அந்த நிமிடம்வரை உங்கள் பணம் எங்கும் போகவில்லை. பிறகு, "அறையைப் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவரின் கணக்குக்குப் போடுகிறேன் அங்கிள்" என்று சொல்லுங்கள். உண்மையிலேயே மனைவியின் கணக்கு என்றால், அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்ப்பதில் அவருக்குச் சிரமம் இருக்காது. கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். நேர்மையான வீட்டுக்காரர் ஒருநாள் பொறுப்பார். பொறுக்காமல் அவசரப்படுத்தினால் அதுவே உங்களுக்கான பதில்.

காவல் துறையின் semakmule.rmp.gov.my தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தேடியும் பார்க்கலாம். ஆனால் அங்கே தெரிவது ஏற்கெனவே புகார் வந்த கணக்குகள்தாம். ஒன்றும் வரவில்லை என்றால், இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை என்று மட்டுமே பொருள்.

அனுப்பிவிட்டால்? ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தவுடன் உங்கள் வங்கியின் மோசடிப் புகார் எண்ணையோ 997ஐயோ அழையுங்கள், பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாற்றப்படுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. என் தோழி வெட்கப்பட்டு ஒன்றரை நாள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் வங்கியை அழைத்தபோது அந்தக் கணக்கு காலியாக இருந்தது. எண்ணைத் தவறாகத் தட்டி யாரோ ஒருவருக்கு அனுப்பிவிட்டாலும் வங்கியிடம் உடனே சொல்ல வேண்டும். நாள் கடக்கக் கடக்க, பெற்றவரின் சம்மதம் இல்லாமல் திரும்பப் பெறுவது கடினமாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரையில் வந்த அந்தப் பெண் யார்? அவருக்கு இந்த மோசடி தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். மலாயில் "அகாவுன் கெல்டாய்" என்கிறோமே, அப்படிச் சில நூறு ரிங்கிட்டுக்கு வங்கி அட்டையையும் கடவுச்சொல்லையும் பிறரிடம் கொடுப்பவர்களில் நம் வயது மாணவர்களும் இருக்கிறார்கள். "பகுதிநேர வேலை" என்று கேட்டு வருபவரிடம் கணக்கைக் கொடுத்தால், அடுத்த முறை ஒரு மாணவி தயங்கிப் பார்க்கும் திரையில் நம் பெயர் வரும். காவல் துறை முதலில் தேடி வருவதும் அந்தப் பெயருக்கு உரியவரைத்தான்.

என் தோழி இப்போது வேறோர் அறையில் இருக்கிறாள். முன்பணம் கொடுத்த அன்று, ஒப்பந்தத்தை மேசையில் விரித்து வைத்து, அதிலிருந்த பெயரையும் கைப்பேசியில் வந்த பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். வீட்டுக்கார அம்மா கோபப்படவில்லை. "நல்லா பார்த்துக்கம்மா" என்று தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்.